சர்வர் மாறிய பிறகு மெயில் ஸ்கிரிப்ட் எதையும் எடுக்கவில்லை. பிழைச் செய்தியும் இல்லை

சன்னதித்தெரு (16 அக்டோபர் 2024, காலை 10.20)

வணக்கம். கன்னியாகுமரியில் சித்தப்பாவின் லாட்ஜுக்கு கம்ப்யூட்டர் வேலைகளை நான்தான் பார்க்கிறேன். புக்கிங் தளங்களிலிருந்து வரும் மெயில்களை ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் 5 நிமிஷத்துக்கு ஒருமுறை ஐமேப் வழியாகப் படிக்கும். புக்கிங் எண், பெயர், தேதி எல்லாவற்றையும் எடுத்து ஷீட்டில் ஒரு வரி சேர்த்துவிட்டு, விருந்தினருக்கு எஸ்எம்எஸ் அனுப்பும். மூன்று வருஷமாக ஒரு சிக்கலும் வந்ததில்லை.

கடந்த சனிக்கிழமை (அக்டோபர் 12) ராத்திரி, மெயில் ஹோஸ்டிங் நிறுவனம் எங்கள் கணக்கைப் புது சர்வருக்கு மாற்றியது. ஞாயிறு காலையில் போனில் பார்த்தேன், பழைய மெயில் எல்லாம் அப்படியே இருந்தது, புது மெயிலும் வந்துகொண்டிருந்தது. சரி, எல்லாம் நன்றாக நடந்துவிட்டது என்று விட்டுவிட்டேன்.

இன்று விடிகாலை மூன்றரைக்கு மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியிருக்கிறது. கூட ஒரு வயதான பாட்டி. சூரிய உதயம் பார்க்கவென்று ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டி வந்தவர்கள். போனில் புக்கிங் உறுதி ஆன மெயிலைக் காட்டுகிறார்கள். எங்கள் ஷீட்டில் அந்தப் பெயரே இல்லை, அறையும் இல்லை. ஆயுத பூஜை விடுமுறைக் கூட்டம் இன்னும் வடியவில்லை. சித்தப்பா தெருத்தெருவாகப் போய் வேறொரு லாட்ஜில் இடம் பிடித்துக் கொடுத்தார். அந்தப் பாட்டி வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

ஷீட்டைப் பார்த்தால் சனிக்கிழமை ராத்திரிக்குப் பிறகு ஒரு வரிகூட ஏறவில்லை. ஆனால் ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. லாகின் ஆகிறது, பிழை எதுவும் இல்லை. லாகில் ஒவ்வொரு 5 நிமிஷமும் இதே வரிதான்:

```
login ok, found 1, new 0
```

முக்கியமான பகுதி இது:

```python
M.select('INBOX', readonly=True)
typ, d = M.uid('SEARCH', 'UID %d:*' % (last + 1))
for u in d[0].split():
    if int(u) <= last:
        continue
    process(int(u))
    last = int(u)
```

`last` ஒரு சின்ன ஃபைலில் சேமித்திருக்கிறது. இப்போது அதில் இருப்பது 48212. எங்கே தப்பு?

---

குளச்சல் (காலை 10.41)

மக்கா, இதே மாதிரி எங்கள் கடையிலும் நடந்தது. அவுட்லுக்கில் பழைய மெயில் எல்லாம் காணாமல் போய்விட்டது. பாப் முறையில் போட்டு வைத்திருந்தோம், ஒரு கம்ப்யூட்டர் மெயிலை இறக்கியதும் சர்வரில் இருந்தது அழிந்துவிட்டது. செட்டிங்கில் "சர்வரில் ஒரு நகல் வைத்துக்கொள்" என்பதை டிக் செய்தால் சரியாகிவிடும்.

---

சன்னதித்தெரு (காலை 10.48)

நன்றி அண்ணே. ஆனால் எனக்கு மெயில் எதுவும் காணாமல் போகவில்லை, எல்லாம் இன்பாக்ஸில் இருக்கிறது. போனில் திறந்தால் தெரிகிறது. ஸ்கிரிப்ட்தான் அவற்றைப் புதியவை என்று எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது.

---

தக்கலை (காலை 11.05)

ஐமேப்பில் மெயிலுக்கு இரண்டு வகை எண் உண்டு. ஒன்று வரிசை எண். அது 1, 2, 3 என்று போகும், நடுவில் ஒரு மெயிலை அழித்தால் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் ஒன்று குறைந்துவிடும். இன்னொன்று யூஐடி. அது ஒருபோதும் மாறாது. நீங்கள் வரிசை எண்ணைச் சேமித்து வைத்திருப்பீர்கள், அதனால்தான் இந்தக் குழப்பம். யூஐடிக்கு மாறிவிடுங்கள், சர்வர் எத்தனை முறை மாறினாலும் கவலையில்லை.

---

பார்வதிபுரம் (காலை 11.32)

தக்கலை சொன்னதில் முதல் பாதி சரி. ஆனால் அவர் கோடைப் பார்த்தால் தெரியும், `M.uid('SEARCH', ...)` என்று யூஐடியைத்தான் பயன்படுத்துகிறார். வரிசை எண் என்றால் `M.search` என்று இருந்திருக்கும். சிக்கல் அந்த இரண்டாவது பாதியில் இருக்கிறது: யூஐடி ஒருபோதும் மாறாது என்பது.

யூஐடி மாறாது என்ற வாக்கு ஒரு நிபந்தனையோடுதான் வருகிறது. ஒவ்வொரு ஃபோல்டருக்கும் `UIDVALIDITY` என்று ஒரு எண் உண்டு. அந்த எண் அப்படியே இருக்கும்வரை யூஐடியும் அதே மெயிலைத்தான் குறிக்கும். அது மாறிவிட்டால், நீங்கள் சேமித்து வைத்த எல்லா யூஐடியும் அந்த நிமிஷமே செல்லாது. சர்வர் இப்படிச் செய்வது விதிமீறல் இல்லை. 2003-இல் வந்த ஐமேப் விதிநூலிலேயே இருக்கிறது, 2021-இல் திருத்தி வந்ததிலும் இருக்கிறது. அந்த எண்ணைப் பார்க்கவேண்டியது மெயிலைப் படிக்கும் நிரலின் பொறுப்பு.

வீட்டு எண்ணைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். தெருவை மறு அளவை செய்து நகராட்சி புது எண் போட்டுவிட்டால், 48 என்ற பழைய எண்ணோடு போகும் தபால்காரர் வேறு வீட்டின் கதவைத் தட்டுவார். எந்த வருஷத்து எண் என்று சொன்னால்தான் அந்த 48-க்கு அர்த்தம்.

சன்னதித்தெரு, ஒரு வேலை செய்யுங்கள். டெர்மினலில் இருந்தே சர்வரோடு பேசிப் பாருங்கள்:

```
openssl s_client -quiet -crlf -connect <உங்கள் சர்வர்>:993
a1 LOGIN <பயனர்> <கடவுச்சொல்>
a2 EXAMINE INBOX
```

வரும் பதிலை இங்கே போடுங்கள், கடவுச்சொல் வரியை மட்டும் நீக்கிவிட்டு. பழைய சர்வர் இன்னும் உயிரோடு இருந்தால் அங்கேயும் இதையே செய்யுங்கள். பல நிறுவனங்கள் கொஞ்ச நாள் அதை அணைக்காமல் விட்டு வைப்பார்கள்.

---

சன்னதித்தெரு (மதியம் 12.15)

அக்கா, பழைய சர்வர் 15 நாள் இருக்கும் என்றார்கள். ஐபி முகவரி கொடுத்து உள்ளே போக முடிந்தது. தேவையான வரிகளை மட்டும் போடுகிறேன்.

பழையது:

```
* 3117 EXISTS
* OK [UIDVALIDITY 1467012345] UIDs valid
* OK [UIDNEXT 48216] Predicted next UID
```

புதியது:

```
* 3171 EXISTS
* OK [UIDVALIDITY 1728754380] UIDs valid
* OK [UIDNEXT 3176] Predicted next UID
```

---

பார்வதிபுரம் (மதியம் 12.50)

இந்த ஆறு வரியிலேயே எல்லாம் இருக்கிறது. நிதானமாகப் பார்ப்போம்.

பழைய பெட்டியில் அடுத்து வரப்போகும் யூஐடி 48216, ஆனால் மெயில் இருப்பது 3117 மட்டுமே. மீதி எல்லாம் இத்தனை வருஷத்தில் நீங்கள் அழித்த விளம்பரங்களும் குப்பைகளும். அழித்த மெயிலின் யூஐடியைச் சர்வர் இன்னொன்றுக்குக் கொடுக்காது, அதனால் எண் மட்டும் ஏறிக்கொண்டே போயிருக்கிறது.

புது சர்வருக்கு மாற்றும்போது `imapsync` மாதிரி ஒரு கருவியை ஓட்டியிருப்பார்கள். அது பழைய பெட்டியிலிருந்து ஒவ்வொரு மெயிலாகப் படித்து, புதியதில் `APPEND` கட்டளையால் போடும். அந்தக் கட்டளையில் மெயிலோடு தேதியைக் கொடுக்கலாம், படித்தது படிக்காதது என்ற குறிகளைக் கொடுக்கலாம், ஆனால் "இதற்கு இந்த யூஐடியைக் கொடு" என்று சொல்ல வழியே கிடையாது. புது சர்வருக்கு எல்லாமே புது மெயில்தான். அது 1-இலிருந்து தொடங்கி 3117 வரை எண் போட்டிருக்கிறது.

`UIDVALIDITY` எண்ணைப் பல சர்வர்கள் ஃபோல்டர் உருவான நொடியை வைத்துத்தான் போடுகின்றன. `date -d @1728754380` என்று கொடுத்துப் பாருங்கள். அக்டோபர் 12 ராத்திரி 11 மணி 3 நிமிஷம் என்று வரும். பழைய எண் 27 ஜூன் 2016 மதியம். லாட்ஜுக்கு மெயில் கணக்கு தொடங்கிய நாளாக இருக்கும்.

இப்போது உங்கள் ஸ்கிரிப்ட். அது 48212-க்கு மேல் வந்ததைக் கேட்கிறது. புது பெட்டியில் மிகப் பெரிய எண்ணே 3175. அப்படியானால் found 0 என்றுதானே வரவேண்டும், ஏன் 1 என்று வருகிறது?

`48213:*` என்பதில் அந்த நட்சத்திரக் குறிக்கு "பெட்டியில் இருக்கும் கடைசி மெயிலின் எண்" என்று அர்த்தம். அதாவது 3175. ஆக நீங்கள் கேட்டது `48213:3175`. ஐமேப்பில் இப்படிப்பட்ட வரம்பை எந்தப் பக்கமிருந்து எழுதினாலும் ஒன்றுதான், 3175-இலிருந்து 48213 வரை என்று சர்வர் எடுத்துக்கொள்ளும். அதில் 3175 இருக்கிறது. அதனால் கடைசி மெயில் ஒன்று எப்போதும் வந்து விழும். அது 48212-ஐவிடச் சிறியது என்பதால் உங்கள் `continue` அதைத் தள்ளிவிடுகிறது.

---

சன்னதித்தெரு (மதியம் 1.10)

பழைய லாகை இப்போதுதான் திறந்து பார்த்தேன். புது மெயில் வராத நேரத்தில் மூன்று வருஷமாகவே found 1, new 0 என்றுதான் இருந்திருக்கிறது! அதனால்தான் லாகைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வழக்கமான நாளின் லாகும் இந்த நான்கு நாள் லாகும் ஒரே மாதிரி இருக்கின்றன.

---

பார்வதிபுரம் (மதியம் 1.18)

ஆமாம், இந்தக் கோளாறில் பயப்படவேண்டிய இடமே அதுதான். தானாகச் சரியாகும் என்றும் விட முடியாது. எட்டு வருஷத்தில் 48,000 எண் என்றால் நாளுக்குச் சுமார் 16 மெயில். 3175-இலிருந்து 48212-ஐத் தாண்ட ஏழு வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை பிழை என்று ஒரு வரிகூட வராது.

---

மார்த்தாண்டம் தேன் (மதியம் 2.05)

தம்பி, தயவுசெய்து அந்த ஃபைலில் 0 என்று மட்டும் மாற்றி ஓட்டிவிடாதே. நான் போன வருஷம் அதைத்தான் செய்தேன்.

எங்கள் தேன் வியாபாரத்துக்கு இணையத்தில் ஆர்டர் வந்தால் மெயில் வரும், ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வாடிக்கையாளருக்கு "ஆர்டர் கிடைத்தது, நாளை அனுப்புகிறோம்" என்று செய்தி போடும். ஒருநாள் அது நின்றுபோனது. எண்ணைப் பார்த்தேன், பெரிதாக இருந்தது. முதலிலிருந்து படிக்கட்டும் என்று 0 போட்டு ஓட்டினேன். ஏறக்குறைய 400 பேருக்கு, எப்போதோ வாங்கிய தேனுக்கு, நாளை வரும் என்று செய்தி போய்விட்டது. ஒரு வாரம் முழுக்க போன். காசு எடுத்துவிட்டீர்களா என்று கேட்டவர்களும் உண்டு. ஒவ்வொருவருக்கும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

உன் பெட்டியில் 3,000 மெயில் இருக்கிறது. எஸ்எம்எஸ் அனுப்பும் வரியை முதலில் அடைத்துவிட்டு மற்றதைச் செய்.

---

சன்னதித்தெரு (மதியம் 2.20)

அண்ணாச்சி, சொன்னதற்கு நன்றி. உண்மையைச் சொன்னால் உங்கள் பதிவு வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருந்தேன். எஸ்எம்எஸ் பகுதியை அடைத்துவிட்டேன். க்ரானையும் நிறுத்தியாகிவிட்டது.

---

தக்கலை (மதியம் 2.35)

நான் கோடைச் சரியாகப் பார்க்காமல் சொல்லிவிட்டேன், பார்வதிபுரம் சொன்னது சரி. ஆனால் இப்போது தீர்வு எளிது இல்லையா? 3117 மெயில் பழையது, அதெல்லாம் ஏற்கனவே ஷீட்டில் ஏறியது. `last` என்பதை 3117 என்று போட்டால் 3118-இலிருந்து எடுத்துக்கொள்ளும்.

---

பார்வதிபுரம் (மாலை 3.10)

அப்படிச் செய்தால் இன்னொரு குடும்பம் வாசலில் வந்து நிற்க வாய்ப்பு இருக்கிறது.

பழைய சர்வரின் `UIDNEXT` 48216. ஸ்கிரிப்ட் கடைசியாகப் பார்த்தது 48212. அப்படியானால் 48213, 48214, 48215 என்ற மூன்று மெயில்கள் பழைய சர்வருக்கு வந்திருக்கின்றன, ஸ்கிரிப்ட் அவற்றைப் பார்க்கவே இல்லை. பிறகு அவை மற்றவற்றோடு சேர்ந்து புது சர்வருக்குப் போயிருக்கும், அங்கே அவற்றின் எண் 3117-க்குள்தான் இருக்கும். சன்னதித்தெரு, சனிக்கிழமை ராத்திரி லாகைப் பாருங்கள். நடுவில் லாகின் ஆகாத நேரம் ஏதாவது இருக்கிறதா?

---

சன்னதித்தெரு (மாலை 3.25)

இருக்கிறது அக்கா. கடைசியாக நன்றாக ஓடியது 10.40-க்கு. 10.45-இலிருந்து 11.50 வரை லாகின் தோல்வி. 11.55-இலிருந்து மறுபடி login ok, found 1, new 0.

---

பார்வதிபுரம் (மாலை 3.40)

அதேதான். மாற்றும் வேலைக்காக நீங்கள் உள்ளே நுழைவதை மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள், வெளியிலிருந்து மெயில் வருவது நிற்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் வந்தவைதான் அந்த மூன்றும். உங்களுக்கு இது சுத்தமாகக் கண்டுபிடிக்க முடிந்த நிலைமை. சில இடங்களில் நகல் எடுத்து முடிவதற்குள் புது சர்வருக்கும் நேரடியாக மெயில் வர ஆரம்பித்துவிடும், பழையதும் புதியதும் கலந்து எண் விழும். அப்போது யூஐடியை வைத்து "இதுவரை பழையது, இதற்குமேல் புதியது" என்று கோடு கிழிக்கவே முடியாது.

அதனால் எண்ணை விட்டுவிடுங்கள். எந்த மெயில் செயலாகிவிட்டது என்பதை மெயிலின் உள்ளிருக்கும் ஒன்றை வைத்துத் தீர்மானியுங்கள். ஒவ்வொரு மெயிலின் `Message-ID` தலைப்பைச் சேமித்து வைத்திருக்கிறீர்களா?

---

சன்னதித்தெரு (மாலை 3.46)

இல்லை. யூஐடி மட்டும்தான். ஆனால் ஷீட்டில் புக்கிங் எண் இருக்கிறது, மெயிலின் சப்ஜெக்டிலும் அது வரும்.

---

பார்வதிபுரம் (மாலை 4.00)

`Message-ID`-யைவிட உங்களுக்கு அது இன்னும் நல்லது. சர்வர் பத்து முறை மாறினாலும் புக்கிங் எண் மாறப்போவதில்லை.

கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்குங்கள், அக்டோபர் 11-இலிருந்து:

```
a3 UID SEARCH SINCE 11-Oct-2024
```

வரும் ஒவ்வொன்றிலும் சப்ஜெக்டை மட்டும் எடுத்து, புக்கிங் எண் ஷீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாதவற்றை ஒரு பட்டியலாக அச்சிடட்டும், வேறு எதுவும் செய்யவேண்டாம். பட்டியலை நீங்களும் சித்தப்பாவும் கண்ணால் பார்த்த பிறகு ஷீட்டில் ஏற்றுங்கள்.

ஒரு எச்சரிக்கை. `SINCE` பார்ப்பது மெயிலுக்குள் எழுதியிருக்கும் தேதியை அல்ல, சர்வர் தன்னிடம் அது வந்ததாகக் குறித்து வைத்திருக்கும் தேதியை. நகல் எடுக்கும் கருவி அந்தத் தேதியைக் கொண்டுவராமல் விட்டிருந்தால், 3117 மெயிலும் அக்டோபர் 12-இல் வந்ததாகவே காட்டும். தேடலில் நூறுக்குப் பதில் மூவாயிரம் வந்தால் காரணம் அதுதான், அப்போது `SENTSINCE` பயன்படுத்துங்கள்.

---

சன்னதித்தெரு (மாலை 5.35)

தேதி சரியாகத்தான் வந்திருக்கிறது. 87 மெயில் கிடைத்தது. அதில் புக்கிங் மெயில் 37. ஷீட்டில் ஏற்கனவே இருப்பவை 14. இல்லாதவை 23.

அந்த 23-இல் 21 மெயில்கள் 3118-க்கு மேல். மற்ற இரண்டின் யூஐடி 3115, 3117. நடுவில் இருக்கும் 3116 ஒரு விளம்பரம். நீங்கள் சொன்ன அந்த மூன்று மெயில் இவைதான் அக்கா.

3115-ஐத் திறந்தேன். நாளை ராத்திரிக்கு மூன்று அறை, சேலத்திலிருந்து ஒரு குழு. 3117 போட்டு ஓட்டியிருந்தால் இது எங்கள் கண்ணில் பட்டிருக்காது. சித்தப்பா இப்போது 23 பேருக்கும் ஒவ்வொருவராக போன் செய்துகொண்டிருக்கிறார். இரண்டு பேர் நேற்றே வந்து, அறை இல்லை என்று திரும்பிப் போயிருக்கிறார்கள். வரவேற்பறைப் பையன் எங்களிடம் சொல்லவே இல்லை.

---

முட்டம் (மாலை 6.20)

இவ்வளவு சுற்றவேண்டியதே இல்லை. படிக்காத மெயிலை மட்டும் தேடுங்கள், `UID SEARCH UNSEEN`. செயலாக்கியதும் படித்ததாகக் குறி போடுங்கள். குறி மெயிலோடு போகும், சர்வர் மாறினாலும் `imapsync` அதைக் கொண்டுபோகும். எண்ணே வேண்டாம்.

---

சன்னதித்தெரு (மாலை 6.31)

அண்ணே, சித்தப்பா நாள் முழுக்க போனில் இன்பாக்ஸைத் திறந்து பார்ப்பார். ஸ்கிரிப்ட் வருவதற்குள் அவர் திறந்துவிட்டால் அந்த மெயில் படித்ததாகிவிடும், ஸ்கிரிப்ட் அதைத் தாண்டிப் போய்விடும்.

---

முட்டம் (மாலை 6.44)

அப்படியானால் செயலாக்கியதை வேறு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். `UID MOVE` கட்டளை பெரும்பாலான சர்வரில் இருக்கும். இன்பாக்ஸில் இருப்பது பாக்கி, "முடிந்தது" ஃபோல்டரில் இருப்பது முடிந்தது. இன்பாக்ஸைப் பார்த்தாலே ஸ்கிரிப்ட் ஓடுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமையே இன்பாக்ஸ் நிரம்பி வழிந்திருக்கும், சித்தப்பாவே கேட்டிருப்பார்.

---

பார்வதிபுரம் (மாலை 7.15)

முட்டம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் என்பது பெரிய வசதி. ஆனால் சித்தப்பா தன் போனில் மெயில் தேடினால் ஐந்து நிமிஷத்தில் அது வேறு ஃபோல்டருக்குப் போயிருக்கும். அவர் பழகிக்கொள்வாரா என்பதை இவர்தான் சொல்லவேண்டும்.

என்னைக் கேட்டால், யூஐடியைத் தூக்கி எறிய வேண்டாம். எல்லா மெயிலையும் ஒவ்வொரு முறையும் படிக்காமல் புதியதை மட்டும் எடுக்க அதைவிட எளிய வழி இல்லை. அதை வேகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மெயில் முடிந்ததா இல்லையா என்பதை புக்கிங் எண் சொல்லட்டும். `last` சேமிக்கும் இடத்தில் `UIDVALIDITY`-யையும் சேர்த்துச் சேமியுங்கள். தொடங்கும்போதே ஒப்பிடுங்கள்:

```python
v = int(M.response('UIDVALIDITY')[1][0])
if v != saved_v:
    alert('UIDVALIDITY %d -> %d' % (saved_v, v))
    raise SystemExit(1)
```

`select` செய்த உடனே இதைக் கேட்கவேண்டும், ஒருமுறைதான் கேட்கவேண்டும். `response` தந்த மதிப்பை பைத்தானின் `imaplib` தன் பட்டியலிலிருந்து எடுத்துவிடும், இரண்டாம் முறை கேட்டால் `None` வரும்.

மாறியிருந்தால் தானாகச் சரிசெய்ய முயலாமல் நின்றுவிடட்டும், உங்கள் போனுக்குச் செய்தி வரட்டும். வருஷத்தில் ஒருமுறை நடக்கும் விஷயம், மனிதர் பார்ப்பதே நல்லது. நின்றபின் இன்று மாலை செய்த அதே ஒப்பீட்டைச் செய்துவிட்டுப் புது எண்களைப் போடுங்கள்.

---

மார்த்தாண்டம் தேன் (மாலை 7.40)

ஒரு சந்தேகம் அம்மா. ஹோஸ்டிங்காரர்கள் யூஐடியை அப்படியே கொண்டுவர வழியே இல்லையா? எனக்கும் அடுத்த மாதம் இடம் மாற்றவேண்டி இருக்கிறது.

---

பார்வதிபுரம் (மாலை 8.05)

உண்டு அண்ணாச்சி, இரண்டு பக்கமும் டவ்காட் சர்வராக இருந்தால். அதன் சொந்தக் கருவியான `doveadm sync` யூஐடியையும் `UIDVALIDITY`-யையும் சேர்த்தே கொண்டுபோகும். மெயில்டிர் முறையில் ஃபைல்களையே நகலெடுத்தால், ஒவ்வொரு ஃபோல்டரிலும் இருக்கும் `dovecot-uidlist` என்ற ஃபைலையும் விடாமல் எடுக்கவேண்டும். எண்கள் அதில்தான் இருக்கின்றன. அதை விட்டுவிட்டால் சர்வர் எல்லாவற்றுக்கும் புதிதாக எண் போட்டுவிடும், மெயில் ஒன்றுகூடக் குறைந்திருக்காது.

வேறு வேறு நிறுவனத்துக்கு இடையே மாறும்போது இதெல்லாம் பெரும்பாலும் நடக்காது, பொதுவாக `imapsync`தான் வழி. அப்போது எண் மாறும் என்று எடுத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். மாற்றும் நேரத்துக்கு முன்பே ஸ்கிரிப்ட்டை நீங்களே நிறுத்திவிடுங்கள்.

---

தக்கலை (இரவு 8.30)

புக்கிங் எண் விஷயத்தில் ஒன்று. விருந்தினர் தேதியை மாற்றினாலும், ரத்து செய்தாலும், அதே புக்கிங் எண்ணோடுதானே மெயில் வரும்? எண் ஷீட்டில் இருக்கிறது என்று ரத்து மெயிலைத் தள்ளிவிட்டால்?

---

சன்னதித்தெரு (இரவு 8.52)

நல்ல கேள்வி. புதியது, மாற்றம், ரத்து என்று சப்ஜெக்டிலேயே வகை வரும். எண்ணையும் வகையையும் சேர்த்து ஒரு சாவியாக வைக்கிறேன்.

---

பார்வதிபுரம் (இரவு 9.10)

ஒரே ஆள் இரண்டு முறை தேதி மாற்றினால் எண்ணும் ஒன்று, வகையும் ஒன்று. அதற்காக இனி `Message-ID`-யையும் சேமியுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பவேண்டாம். அது அனுப்புபவர் எழுதுவது, சர்வர் சரிபார்ப்பது இல்லை. அது இல்லாமலே வரும் மெயிலும் உண்டு. உங்கள் புக்கிங் தளங்கள் இரண்டாவது மாற்றத்துக்கு வேறு `Message-ID` போடுகின்றனவா என்று பழைய மெயில்களில் பார்த்தால்தான் தெரியும்.

---

சன்னதித்தெரு (17 அக்டோபர், இரவு 9.40)

சேலம் குழு மாலையில் வந்துவிட்டது, மூன்று அறையும் தயாராக இருந்தது.

பார்வதிபுரம் அக்கா சொன்ன ஒப்பீட்டைச் சேர்த்துவிட்டேன். வேலை செய்கிறதா என்று பார்க்க "சோதனை" என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, நாலு மெயில் நகலெடுத்து, ஸ்கிரிப்ட்டை அதில் ஓட்டினேன். பிறகு ஃபோல்டரை அழித்து அதே பெயரில் மறுபடி உருவாக்கினேன். பெயர் அதேதான், `UIDVALIDITY` மட்டும் மாறியிருந்தது. ஸ்கிரிப்ட் நின்றது, போனுக்குச் செய்தி வந்தது.

முட்டம் அண்ணே சொன்ன மாதிரி ஃபோல்டர் மாற்றச் சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் மெயிலிலேயே சொந்தமாக ஒரு குறி போடலாமா என்று பார்த்தேன், ஆனால் சர்வர் இப்படிச் சொல்கிறது:

```
* OK [PERMANENTFLAGS ()] Read-only mailbox.
```

எந்தக் குறியும் போட முடியாது என்றுதானே அர்த்தம்?

---

முட்டம் (இரவு 10.05)

உங்கள் `select`-இல் `readonly=True` இருக்கிறது, அதனால்தான் காலியாக வருகிறது. அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். பட்டியலில் `\*` இருந்தால் சொந்தக் குறி போடலாம்.

---

பார்வதிபுரம் (இரவு 10.12)

எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மெயில் உடலை `BODY[]` என்று எடுத்துக்கொண்டிருந்தால், `readonly` போனதும் ஸ்கிரிப்ட் தொட்ட மெயிலெல்லாம் படித்ததாகிவிடும். சித்தப்பாவுக்குப் புது மெயில் என்று எதுவும் தெரியாது. `BODY.PEEK[]` என்று மாற்றிவிட்டு எடுங்கள்.

---

சன்னதித்தெரு (இரவு 10.30)

`\*` இருக்கிறது. `PEEK`-க்கு மாற்றிவிட்டேன். குறி போடுவதை ஒரு வாரம் சோதனை ஃபோல்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன். அதுவரை புக்கிங் எண் ஒப்பீடுதான்.